சனிக்கிழமை கூட்டத்துக்கு வெள்ளிக்கிழமையே உட்கார வேண்டும்

"டீச்சர், நான் சுங்கை சிப்புட்டில் ஐந்தாம் படிவம் படிக்கிறேன். நாங்கள் கூட்டாளிகள் நாலு பேர் வாரத்துக்கு மூன்று நாள் சாயங்காலம் ஒன்றாக உட்கார்ந்து படிக்கிறோம். அங்கே எல்லாம் புரிகிற மாதிரிதான் இருக்கு. ஆனால் வீட்டுக்கு வந்தால் என் சொந்த ரிவிஷனுக்கு நேரமே இல்லை. வரலைன்னு சொன்னா கோவிச்சுக்குவாங்க. இதை எப்படிப் பிரித்து வைப்பது?"

முதலில் ஒரு தாளை எடுத்து மணிக்கணக்கைப் போடு. பள்ளி முடிந்து, சாப்பிட்டு, மூன்றரைக்கு நீ தயாராகிறாய் என்று வைத்துக்கொள்வோம். பத்தரைக்குப் படுக்கை. நடுவில் ஏழு மணி நேரம். குளியல், இரவுச் சாப்பாடு, அம்மாவுக்குக் கையுதவி என்று இரண்டு மணி போனால் ஐந்து. திங்கள் முதல் வெள்ளி வரை இருபத்தைந்து மணி நேரம். இரண்டு இரவு டியூஷன், போக வர எல்லாம் சேர்த்து ஐந்து மணி. பள்ளி கொடுக்கும் வீட்டுப்பாடத்துக்கு நாளுக்கு ஒரு மணி வீதம் ஐந்து. மிச்சம் பதினைந்து.

இப்போது உங்கள் கூட்டம். நாலு மணிக்கு என்று பேசுவீர்கள், நாலரைக்குத்தான் கடைசி ஆள் வருவாள். ஏழு மணிக்கு முடியும், வீடு வர ஏழரை. கிளம்பத் தயாராவதிலிருந்து திரும்பி வந்து சட்டை மாற்றுவது வரை நாலு மணி நேரம் என்று எழுதிக்கொள். மூன்று நாளுக்குப் பன்னிரண்டு. பதினைந்தில் பன்னிரண்டு போனால் உனக்கு வாரநாளில் இருப்பது மூன்று மணி நேரம். எஸ்.பி.எம். தேர்வுக்கு எட்டு, ஒன்பது பாடம் எழுதுகிறவளுக்கு மூன்று மணி நேரம்! உனக்கு நேரத்தைச் சமாளிக்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே. கணக்கே அப்படித்தான் வருகிறது.

இந்த ஊரில் பதினெட்டு வருடமாக டியூஷன் சொல்லிக் கொடுக்கிறேன். என் பேச்சைக் கேட்டால் வாரத்துக்கு ஒரு கூட்டம் போதும். சனிக்கிழமை காலை, ஒன்றே முக்கால் மணி நேரம், ஒரே ஒரு பாடம். ஆனால் அது வெள்ளிக்கிழமை இரவு உன் வீட்டில் தொடங்கி, திங்கட்கிழமை இரவு உன் வீட்டில்தான் முடியும். நடுவில் இருக்கும் சனிக்கிழமை, நீ தனியாகப் படித்ததைச் சோதித்துப் பார்க்கும் இடம். புதிதாகப் படிக்கும் இடமாக அதை வைத்துக்கொண்டால் பழைய கதைதான்.

வரலாற்றை, அதான் செஜாராவை, வைத்தே காட்டுகிறேன். 2013-லிருந்து பஹாசா மலாயுவோடு செஜாராவிலும் தேறினால்தான் எஸ்.பி.எம். சான்றிதழ் என்பது உனக்குத் தெரியும். நாலாம் படிவப் புத்தகத்தில் கம்யூனிஸ்ட் மிரட்டல், அவசரகாலம் பற்றிய ஆறாவது பாப் இருக்கிறதே, அதை எடுத்துக்கொள்வோம். நம்ம ஊர்க் கதை அது. 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுடப்பட்டார்கள். இரண்டே நாளில், ஜூன் 18-ஆம் தேதி, மலாயா முழுக்க அவசரகாலம் வந்துவிட்டது. உங்கள் தாத்தா பாட்டி யாராவது லயத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டதையும் அரிசியை அளந்து கொடுத்ததையும் சொல்லியிருக்கலாம். சொல்லாவிட்டால் இந்த வாரமே கேள். எந்தக் குறிப்பேட்டை விடவும் அது மனதில் நிற்கும்.

இந்த பாப்பைப் படிக்க நாலு பேர் சேர்ந்தால் முதலில் தோன்றும் யோசனை என்ன? "நீ காரணங்களை எடு, நான் பிரிக்ஸ் திட்டத்தை எடுக்கிறேன், அவள் பாலிங் பேச்சு, ஆளுக்கு ஒரு நோட்ஸ் போட்டுப் பகிர்ந்துக்கலாம்." வேலை கால்வாசியாகக் குறைகிற மாதிரி இருக்கும். நான் மாணவியாக இருந்தபோது இதையேதான் செய்தேன். ஐந்து பேர், ஆளுக்கு இரண்டு பாப். என் கூட்டாளி போட்ட நோட்ஸ் நான்கு வண்ணப் பேனாவில் அச்சடித்த மாதிரி இருந்தது. தேர்வில் அவளுடைய பாப்பிலிருந்து கேள்வி வந்தபோது எந்த வரி எந்த வண்ணம் என்பது வரை ஞாபகம் வந்தது. வரி மட்டும் வரவில்லை. நோட்ஸ் போட்டவளுக்குத்தான் பாடம் ஏறும். வாங்கிப் படிக்கிறவளுக்கு அது இன்னொரு பாடப்புத்தகம், அவ்வளவுதான். அதனால் பாடத்தைப் பங்கு போடாதீர்கள். நாலு பேரும் முழு பாப்பையும் படித்துவிட்டு வர வேண்டும். பங்கு போட வேண்டுமென்றால் கேள்வி தயாரிக்கும் வேலையைப் பங்கு போடுங்கள், ஆளுக்கு மூன்று கேள்வி.

வெள்ளி இரவு ஒரு மணி நேரம். முக்கால் மணி படிப்பு, கால் மணி அந்த மூன்று கேள்விக்கு. வெள்ளி இரவு படிக்காதவள் சனிக்கிழமை வரக்கூடாது என்பதை நாலு பேரும் முதலிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். கடுமையாகத் தெரியும். ஆனால் படிக்காமல் வருகிற ஒருத்திக்குச் சொல்லிக் கொடுப்பதிலேயே மற்ற மூன்று பேரின் காலை போய்விடும். அவளும் தான் படித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள். அதுதான் பெரிய கேடு.

சனிக்கிழமை ஒன்பதரை. உட்கார்ந்ததும் பேச்சு வேண்டாம். கைப்பேசிகளை ஒரு காலி மைலோ டின்னில் போட்டு மூடி, சமையலறையில் வைத்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு வெள்ளைத்தாள், நீலப் பேனா. பதினைந்து நிமிடம், புத்தகத்தைத் திறக்காமல், ஞாபகத்தில் இருப்பதையெல்லாம் எழுத வேண்டும். இதை ஏன் அமைதியாகச் செய்யச் சொல்கிறேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது. 'சேர்ந்து பேசினால் ஒருத்திக்கு வராதது இன்னொருத்திக்கு வரும், மொத்தத்தில் நிறைய வரும்' என்றுதான் நாம் நினைப்போம். 1997-இல் வெல்டன், பெலிஞ்சர் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். மூன்று பேர் ஒன்றாக உட்கார்ந்து ஞாபகப்படுத்தியதை, மூன்று பேர் தனித்தனியாக எழுதிப் பின்னால் சேர்த்ததோடு ஒப்பிட்டால், தனித்தனியாக எழுதிச் சேர்த்ததுதான் அதிகமாக இருந்தது. நீ ஒரு வரிசையில் யோசித்துக்கொண்டு போகும்போது பக்கத்தில் இருப்பவள் "டெம்ப்ளர்!" என்று கத்தினால் உன் வரிசை அறுந்துவிடுகிறது. வர இருந்த இரண்டு விஷயம் வராமலே போகிறது. அதனால் முதலில் எழுத்து, பேச்சு பிறகு.

போன வருடம் என்னிடம் படித்த நாலு பிள்ளைகள் இந்த பாப்பைச் செய்தபோது ஒருத்தி ஒன்பது விஷயம் எழுதினாள். மற்றவர்கள் பதினொன்று, ஏழு, ஆறு. நாலு தாளையும் மேசையில் பரப்பி ஒன்றாகச் சேர்த்தால் பதினேழு. ஒவ்வொருத்தியும் தன் தாளில் இல்லாததைச் சிவப்பில் எழுதிக்கொண்டாள். இதற்கு இருபது நிமிடம். சிவப்பு மை எங்கே நிறைய விழுகிறதோ அங்கேதான் அவளுடைய ஓட்டை. ஒருத்திக்கு வருடங்கள் எல்லாம் சிவப்பு. 1951-இல் பிரிட்டிஷ் ஹை கமிஷனர் கர்னி கொல்லப்பட்டது, 1952-இல் அவர் இடத்துக்கு டெம்ப்ளர் வந்தது, 1960 ஜூலை 31-இல் அவசரகாலம் முடிந்தது என்று எல்லாமே. இன்னொருத்திக்கு வருடம் அத்தனையும் நீலம், காரணம் ஒன்றுகூட இல்லை. இந்த இரண்டு பேரும் தனியாகப் படிக்கும்போது ஒரே மாதிரி படிப்பதில் அர்த்தமே இல்லை. இதைக் காட்டிக் கொடுப்பதற்குத்தான் கூட்டாளிகள் வேண்டும்.

அதை விட முக்கியம், நாலு பேருமே எழுதாதது. அன்றைக்கு யாரும் பாலிங் பேச்சு ஏன் தோற்றது என்று எழுதவில்லை. 1955 டிசம்பர் என்று எழுதினார்கள், துங்கு, சின் பெங் என்று பெயர் எழுதினார்கள். சரணடைய வேண்டும் என்று துங்கு சொன்னதையும், தன் கம்யூனிஸ்ட் கட்சியை அங்கீகரிக்க வேண்டும் என்று சின் பெங் கேட்டதையும், இரண்டு பேருமே இறங்கி வராததையும் யாரும் தொடவில்லை. இப்போது புத்தகத்தைத் திறக்கலாம். கூட்டத்தில் புத்தகம் திறப்பது இந்த மாதிரி இடத்துக்கு மட்டும்தான்.

அடுத்த அரை மணி, வெள்ளி இரவு தயாரித்த கேள்விகளுக்கு. ஒருத்தி பதில் சொல்வாள், மற்ற மூன்று பேரும் "ஏன்?" என்று கேட்பார்கள். பிரிக்ஸ் திட்டம் என்றால் எல்லோரும் "கம்போங் பாரு கட்டினார்கள்" என்பார்கள். ஏன் கட்டினார்கள்? "பாதுகாப்புக்கு." யாருக்குப் பாதுகாப்பு, எதிலிருந்து? இங்கே திணறுவார்கள். காட்டோரத்தில் சிதறிக் கிடந்த மக்களிடமிருந்துதான் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறும் மருந்தும் தகவலும் போயிற்று, அந்த வழியை அடைப்பதற்காகத்தான் மக்களைப் பெயர்த்து வேலிக்குள் வைத்தார்கள் என்று மூன்றாவது 'ஏன்'-இல்தான் வரும். தனியாக உட்கார்ந்தால் இந்த மூன்றாவது 'ஏன்' உன்னைக் கேட்க ஆள் இல்லை.

இங்கே ஒரு விஷயம், நம் பிள்ளைகளுக்கு மட்டும் வருகிற சிக்கல். நீங்கள் பேசுவது தமிழில், தேர்வில் எழுதுவது மலாயில். தமிழில் அருமையாக விளக்குவார்கள், பேனாவை எடுத்தால் ஒரு வாக்கியம் நகராது. "புரிந்த மாதிரி இருக்கு, வீட்டுக்கு வந்தால் இல்லை" என்று நீ சொல்வதில் பாதி இதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். ஆகவே முதல் சுற்று தமிழில் இருக்கட்டும், புரிவதற்கு அதுதான் நல்லது. அதே பதிலை இரண்டாம் சுற்றில் அவளே மலாயில் சொல்ல வேண்டும். தடுமாறும் இடத்தில் சொல்லைக் குறித்துக்கொள்ளட்டும். அப்புறம் எல்லோரும் ஒரே கேள்விக்குக் கால் மணி நேரம் மலாயில் எழுதி, தாளைப் பக்கத்தில் இருப்பவளிடம் கொடுத்து, இன்னொரு கால் மணி திருத்துங்கள். திருத்துகிறவள் பாக்தா என்ற தகவலுக்கு ஒரு கோடு, அதை விளக்கும் ஹுராயானுக்கு ஒரு கோடு போட்டால் போதும். பாக்தா மட்டும் நிற்கிற, ஹுராயான் இல்லாத வரி கண்ணில் படும். தன் தாளில் படாதது கூட்டாளி தாளில் உடனே படும், அது மனித இயல்பு.

பதினொன்றேகாலுக்கு முன் கடைசி ஐந்து நிமிடம், ஒவ்வொருத்தியும் தன் வெள்ளைத்தாளின் அடியில் மூன்று வரி எழுத வேண்டும்: வீட்டில் தனியாக நான் சரிசெய்ய வேண்டிய மூன்று விஷயம். எழுதிவிட்டுக் கிளம்பு. வடை வந்தால் அப்புறம் சாப்பிடலாம். முதலில் வடை வந்தால் அரை மணி போச்சு. யார் வீட்டில் உட்கார்கிறீர்களோ அந்த அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வீடுகளை மாற்றி மாற்றி வைத்தால் ஒரே குடும்பத்தின் மேல் சுமை விழாது. சனிக்கிழமை காலை என்று நான் சொல்வதற்கும் காரணம் உண்டு. சாயங்கால மழையில் மாட்டிக்கொள்ள வேண்டாம், இருட்டுவதற்குள் பிள்ளை வர வேண்டுமே என்று அப்பா வாசலில் நிற்க வேண்டாம். கோயில் மண்டபம் கிடைத்தால் நல்லதுதான், கல்யாணம் இல்லாத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கடை வேண்டவே வேண்டாம். ஒரு தே தாரேக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் கடைக்காரர் முகமும் மாறும்.

இப்போது திங்கட்கிழமை இரவு. இருபது நிமிடம், புதிய வெள்ளைத்தாள், அதே பாப், புத்தகம் மூடி. சனிக்கிழமை நீ சிவப்பில் எழுதியதில் எத்தனை இப்போது நீலத்தில் வருகிறது என்று எண்ணு. பத்து சிவப்பில் ஏழு, எட்டு வந்தால் கூட்டம் உனக்கு வேலை செய்கிறது. நாலுக்குக் கீழே இரண்டு வாரம் தொடர்ந்து வந்தால் ஒன்று நீங்கள் அரட்டை அடிக்கிறீர்கள், இல்லாவிட்டால் ஒருத்தியே பேச மற்றவர்கள் தலையாட்டுகிறீர்கள். சனிக்கிழமை மதியம் இருக்கும் "நல்லா படிச்சோம்" என்கிற நிறைவை நம்பாதே. திங்கட்கிழமைத் தாளைத்தான் நம்ப வேண்டும்.

கணக்குக்கு இதே முறை ஒத்துவராது. கணக்கில் நாலு பேர் சேர்ந்தால் கெட்டிக்காரி ஒருத்தி கை எழுதும், மூன்று தலை ஆடும். அட்மேத்ஸில் நான் வைத்திருக்கும் விதி, தனியாகப் பத்து நிமிடம் போராடிய கேள்வியை மட்டும் கொண்டு வர வேண்டும், போராடிய தாளோடு. வெறும் கேள்வியோடு வந்தால் செல்லாது. ஏனென்றால் தவறு எந்த வரியில் இருக்கிறது என்பதுதான் நமக்குத் தேவை. உதாரணமாக, y = 2x² − 8x + 3 என்பதை வர்க்கப் பூர்த்தி செய்யச் சொன்னால் ஒருத்தி இப்படி எழுதி வந்தாள்:

2(x² − 4x) + 3
= 2(x − 2)² − 4 + 3
= 2(x − 2)² − 1

சரியான விடை 2(x − 2)² − 5. கெட்டிக்காரி பேனாவைப் பிடுங்கி மூன்று வரியில் போட்டுக் காட்டியிருந்தால் இவள் "ஓ, சரி" என்று சொல்லி, அடுத்த வாரம் இதே தவற்றைச் செய்திருப்பாள். பேனாவைத் தொடாமல் வாயால் மட்டும் கேட்க வேண்டும் என்பது எங்கள் சட்டம். "அந்த 4 எங்கிருந்து வந்தது? அடைப்புக்கு உள்ளே இருந்தா, வெளியே இருந்தா?" உள்ளே இருந்தது. அப்படியானால் வெளியே வரும்போது முன்னால் நிற்கும் 2 அதைப் பெருக்க வேண்டாமா? அவளே கண்டுபிடித்தாள், −8. உடனே எண்ணை மாற்றி 3x² − 12x + 5 கொடுத்து, அவள் தனியாகப் போட்டு 3(x − 2)² − 7 கொண்டு வந்த பிறகுதான் அடுத்த ஆள். இப்படி ஒரு கேள்விக்குப் பத்து நிமிடமாவது ஆகும். ஒரு சனிக்கிழமையில் ஏழெட்டுக் கேள்விக்கு மேல் ஓடாது. மற்ற கணக்குப் பயிற்சியெல்லாம் நீ தனியாக, கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு செய்ய வேண்டியது.

கட்டுரை எழுதுவதும் தனி வேலைதான். ஆங்கில ஸ்பீக்கிங் டெஸ்ட் மட்டும் நேர்மாறு. அங்கே இரண்டு பேராகத்தான் உட்கார வைக்கிறார்கள், ஒருவரோடு ஒருவர் பேசியாக வேண்டும். அதைத் தனியாகப் பழக வழியே இல்லை. பள்ளி நூலகத்தில் புதன்கிழமை பள்ளி விட்டதும் நாற்பது நிமிடம் அதற்கு ஒதுக்கலாம், பயணச் செலவும் இல்லை.

ஆக மொத்தம் எவ்வளவு ஆகிறது என்று பார். வெள்ளி ஒரு மணி, சனிக்கிழமை போக வர சேர்த்து இரண்டரை, திங்கள் இருபது நிமிடம். நாலு மணி கூட முழுதாக இல்லை. அதிலும் வெள்ளியும் திங்களும் உன் சொந்த ரிவிஷன்தான். புதன்கிழமை நாற்பது நிமிடத்தைக் கழித்தாலும் வாரநாளின் பதினைந்து மணியில் பதினாலு உன்னிடமே நிற்கும். அதை ஞாயிற்றுக்கிழமை இரவே அட்டவணையில் எழுதிவிடு, 'செவ்வாய் 5 முதல் 6.30 கெமிஸ்ட்ரி' என்று பெயர் போட்டு. வெறும் 'படிப்பு' என்று எழுதி வைத்தால் அதை யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

கோபித்துக்கொள்வார்களே என்றாயே, அது வரும்தான். "உங்களோடு படித்தால் எனக்கு நேரம் போகுது" என்று சொல்லிவிடாதே, அது குத்தும். மணிக்கணக்குப் போட்ட தாளை அவர்களிடமே காட்டு. "பன்னிரண்டு மணி போகுதுப்பா, உங்களுக்கும் அப்படித்தானே போகும், போட்டுப் பாருங்க" என்று சொல். இரண்டு பேராவது தங்களுக்கும் அதே கஷ்டம் என்று ஒப்புக்கொள்வார்கள் என்று எனக்கு நம்பிக்கை. முதலில் சொல்லத்தான் எல்லோரும் தயங்கிக்கொண்டிருப்பார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் "சனிக்கிழமை கட்டாயம் வர்றேன், செவ்வாய் என் கெமிஸ்ட்ரி நாள்" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்து. நீண்ட விளக்கம் கொடுத்தால் பேரம் தொடங்கும்.

வாட்சாப் குழுவையும் கொஞ்சம் கட்டிப்போட வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு "எத்தனை பாப் முடிச்சே?" என்று ஒருத்தி கேட்டால் மற்ற மூன்று பேரின் படிப்பும் அங்கேயே நின்றுவிடும். சந்தேகத்தைப் போடலாம், பதிலைப் படுக்கப் போகும் முன்போ மறுநாள் பள்ளியிலோ பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெர்சுபாஆன் முன்தேர்வு வரைக்கும் இந்தச் சனிக்கிழமை முறை ஓடட்டும். அது முடிந்து தாள் கைக்கு வந்ததும் ஒரே ஒரு கூட்டம் போட்டு, நாலு பேர் தாளையும் பரப்பி, யார் எங்கே மதிப்பெண் விட்டாள் என்று பாருங்கள். அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியின் ஓட்டையும் வேறு வேறு இடத்தில் இருக்கும் என்பதால் சேர்ந்து படிக்கப் பொதுவாக அதிகம் இருக்காது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று குறைத்துவிடுங்கள். நிஜத் தேர்வுக்கு முதல் நாள் சாயங்காலம் மட்டும் யார் கூப்பிட்டாலும் போகாதே. நீ கேள்விப்படாத ஒன்றை யாராவது ஒருத்தி சொல்லுவாள், அந்த இரவு முழுக்க நீ அதையே தேடிக்கொண்டிருப்பாய். அன்றைக்கு உன் பழைய வெள்ளைத்தாள்களை எடுத்துச் சிவப்பை மட்டும் படித்துவிட்டு, பத்தரைக்குப் படுத்துவிடு.